ஸ்கிரீன்ஷாட்டுக்குள் இருக்கும் பிரஷர் கணக்கு

ரத்த அழுத்தம் ஒரு நிலையான எண் அல்ல. ஒரே ஆளுக்கு ஒரே காலையில் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால், மேல் அளவில் பத்துப் புள்ளி வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரு புள்ளி என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரசம். மாடிப்படி ஏறியது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே பட்டையைக் கட்டியது என்று எல்லாமே அந்த எண்ணில் வந்து சேரும். ஆகவே தனியொரு அளவை வைத்து யாருக்கும் ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. மருத்துவர்கள் கேட்பது பல நாள் அளவுகளின் சராசரியை.

வீட்டில் எடுத்த சராசரிக்கு இந்த மதிப்பு வந்ததில் ஜப்பானின் இவாதே மாகாணத்தில் உள்ள ஓஹசாமா என்ற சிற்றூருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்குள்ள மக்கள் வீட்டிலேயே பார்த்துக் குறித்த அளவுகளை ஆராய்ச்சியாளர்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மருத்துவமனையில் எடுத்த அளவைவிட வீட்டுச் சராசரிதான் பின்னாளில் வரும் மரண ஆபத்தைச் சரியாகக் காட்டியது என்று 1998இல் அவர்கள் வெளியிட்டார்கள். மருத்துவரின் மேசையில் 140/90 என்பது எல்லை. வீட்டுச் சராசரிக்குப் பல நாடுகள் 135/85 என்ற எல்லையை வைத்திருக்கின்றன. வீட்டில் மனப் பதற்றம் குறைவு என்பதால்தான் இந்த ஐந்து புள்ளிக் குறைவு.

இன்று பெரும்பாலான வீடுகளில் அந்தக் குறிப்பு நோட்டில் இல்லை, போனில் இருக்கிறது. பிரஷர் மெஷினோடு வரும் செயலியோ, வேறு ஏதாவது உடல்நலச் செயலியோ எண்களைச் சேர்த்து வைக்கிறது. வெளியூரில் இருக்கும் மகளுக்கோ மருத்துவருக்கோ அனுப்பும்போது போகிறது ஒரு ஸ்கிரீன்ஷாட். அதை வைத்துக்கொண்டு சராசரி என்ன, போக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது கூட்டி வகுக்கும் வேலைதான். ஆனால் எதைக் கூட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. மாதிரிக்காக இங்கே ஒரு திரை. அறுபது வயதுக்காரர் ஒருவரின் ஒரு வாரக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

```
Date   Time   SYS/DIA  PUL
07/06  06:40  140/87   72
06/06  21:15  132/81   76
06/06  06:35  142/85   70
05/06  21:12  137/85   78
05/06  21:05  163/95   88
05/06  06:50  149/92   73
04/06  21:20  137/85   75
04/06  06:30  139/87   71
03/06  21:00  135/82   74
03/06  06:45  147/88   72
02/06  21:10  136/84   77
02/06  06:40  143/91   74
01/06  21:05  146/88   80
01/06  06:55  159/95   84
```

SYS என்பது இதயம் சுருங்கும்போது உள்ள மேல் அளவு, DIA என்பது இதயம் தளரும்போது உள்ள கீழ் அளவு, PUL என்பது நாடித்துடிப்பு. முதலில் பார்க்க வேண்டியது தேதி. 05/06 என்பது ஜூன் 5 ஆகவும் இருக்கலாம், மே 6 ஆகவும் இருக்கலாம். அந்தப் போன் எந்த நாட்டு முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. இங்கே அடுத்தடுத்த வரிகளில் முதல் எண் ஒவ்வொன்றாக மாறுகிறது, இரண்டாம் எண் அப்படியே நிற்கிறது. ஆகவே இது ஜூன் மாதத்தின் முதல் வாரம். ஒரே ஒரு வரி மட்டும் வந்திருந்தால் இந்த முடிவுக்கு வர வழியில்லை.

இரண்டாவது, வரிசை. இதுபோன்ற செயலிகள் பெரும்பாலும் புதியதை மேலே வைக்கும். கண்ணுக்கு முதலில் படுவது கடைசி நாள், அடியில் இருப்பது முதல் நாள். சராசரிக்கு இது பொருட்டில்லை, எந்த வரிசையில் கூட்டினாலும் ஒன்றுதான். போக்கைக் கணக்கிடும்போது இந்த வரிசையே எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும். அது பின்னால் வருகிறது.

எண்களைப் படத்திலிருந்து எடுப்பதற்குக் கையால் தட்டச்சு செய்வதே நல்லது. பதினான்கு வரிக்குப் பத்து நிமிடம் ஆகாது. படத்திலிருந்து எழுத்தைத் தானாக எடுக்கும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் உண்டு. அது இந்த மாதிரிப் பட்டியலில் இடறுவதும் உண்டு: நடுவில் இருக்கும் சாய்கோட்டை 1 என்று படித்துவிடும். 137/85 என்பது 137185 ஆகிவிடும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. 8 ஐ 3 என்றும் 1 ஐ 7 என்றும் படிப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்படி வந்த எண்ணும் நம்பும்படியாகவே இருக்கும். கீழ் அளவும் நாடித்துடிப்பும் இரண்டுமே எழுபது எண்பதில் இருப்பதால் அந்த இரண்டு பத்திகளும் இடம் மாறிப்போனாலும் சட்டென்று கண்ணில் படாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்துப் பார்ப்பது. மேலுள்ள பட்டியலில் அந்த வித்தியாசம் 50க்கும் 68க்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரு வரியில் மட்டும் திடீரென்று 20 என்றோ 100 என்றோ வந்தால், உடம்பில் ஏதோ நடந்திருக்கிறது என்று நினைப்பதற்கு முன்னால் படத்தைப் பெரிதாக்கி அந்த வரியை மறுபடி பார்க்க வேண்டும். பட்டியல் நீளமாக இருந்து இரண்டு படங்களாக வந்திருந்தால், முதல் படத்தின் அடிவரிகள் இரண்டாம் படத்தின் தலைப்பில் மறுபடி வரும். தேதியையும் நேரத்தையும் ஒப்பிட்டு அவற்றை ஒருமுறை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரையின் அடியில் பொத்தானுக்குப் பின்னால் பாதி மறைந்த வரியை ஊகித்து எழுதக் கூடாது. அதை அனுப்பியவரிடமே கேட்டுவிடலாம்.

எண்கள் கைக்கு வந்தபின் எதை விடுவது என்ற கேள்வி. ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் பிரிட்டனின் வழிகாட்டுதலும் இதில் ஒத்துப்போகின்றன: முதல் நாள் அளவுகளை விட்டுவிட வேண்டும். புது மெஷின், புதுப் பழக்கம், எண் என்ன வருமோ என்ற பயம் எல்லாம் முதல் நாளில்தான் உச்சத்தில் இருக்கும். இந்தப் பட்டியலிலும் ஜூன் 1 காலை 159/95, நாடி 84. மற்ற காலைகளில் நாடி 70க்கும் 74க்கும் இடையில் இருக்கும்போது அன்று மட்டும் 84 என்பது அந்தப் பதற்றத்துக்கு நல்ல சாட்சி.

ஐந்தாம் தேதி இரவில்தான் சிக்கல். 9.05க்கு 163/95 வந்திருக்கிறது. பயந்துபோய் ஏழு நிமிடம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறார், 137/85. இரண்டில் எது சரி என்று கேட்பதே தவறான கேள்வி. நல்ல எண்ணை வைத்துக்கொண்டு கெட்ட எண்ணை அழித்துவிடுவதுதான் வீட்டுக் குறிப்புகளில் அதிகம் நடக்கும் தவறு, அது தெரிந்தே செய்யப்படுவதும் இல்லை. அதிகமாக வந்தால் மறுபடி பார்ப்பது, சரியாக வந்தால் அத்தோடு விடுவது என்ற பழக்கம் இருந்தாலே போதும், சராசரி தானாகச் சாய்ந்துவிடும். இரண்டையும் தனித்தனி வரிகளாகக் கூட்டினாலும் நியாயம் இல்லை, ஏனென்றால் அப்போது அந்த ஒரு இரவுக்கு மற்ற இரவுகளைவிட இரண்டு பங்கு எடை கிடைத்துவிடும். சரியான வழி, ஒரே வேளையில் எடுத்த அளவுகளை முதலில் தமக்குள் சராசரி எடுத்து ஒன்றாக்குவது. 163உம் 137உம் சேர்ந்து 150. 95உம் 85உம் சேர்ந்து 90. அந்த இரவுக்கு 150/90 என்ற ஒரே வரி. அளவெடுக்கும் முன்பு படியேறி வந்தார் என்றோ, சிகரெட் பிடித்தார் என்றோ அப்போதே குறித்து வைத்திருந்தால் 163/95 ஐ விடலாம். எண் பெரிதாக இருக்கிறது என்பது மட்டும் அதை விடுவதற்குக் காரணமாகாது.

உண்மையில் ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பதே முறை. காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால், இரவில் படுக்கப் போகும் முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின். அப்படி ஏழு நாள் பார்த்து முதல் நாளை விட்டால் 24 அளவுகள் கையில் இருக்கும். இங்கே முதல் நாளை விட்டபின் இருப்பது 12 வரிகள். முடிவெடுக்கக் குறைந்தது 12 அளவுகளாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஆகவே இது விளிம்பில் தேறிவிடுகிறது. மூன்று நாள் அளவு மட்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் என்றால், கணக்குப் போடுவதைவிட மீதியைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இனி கூட்டல். மேல் அளவுகளைத் தனியாக, கீழ் அளவுகளைத் தனியாகக் கூட்ட வேண்டும். காலையையும் இரவையும் பிரித்து வைக்க வேண்டும். ஜூன் 2 முதல் 7 வரை ஆறு காலைகள்: மேல் அளவுகள் 143, 147, 139, 149, 142, 140. கூட்டினால் 860, ஆறால் வகுத்தால் 143.3. கீழ் அளவுகளின் கூட்டல் 530, சராசரி 88.3. இரவுகள் ஐந்துதான், ஏழாம் தேதி இரவு அளவெடுக்கும் முன்பே படம் எடுக்கப்பட்டுவிட்டது. மேல் அளவுகள் 136, 135, 137, 150, 132. கூட்டல் 690, சராசரி 138. கீழ் அளவின் சராசரி 84.4.

காலை 143/88, இரவு 138/84. இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் 141/86. அதுதான் இந்த வாரத்தின் சராசரி. எல்லா வேளைகளையும் ஒன்றாகக் கொட்டிக் கூட்டாமல் காலைக்கும் இரவுக்கும் தனித்தனியாக எடுத்து அதன்பின் சேர்ப்பதற்குக் காரணம், ஒருவர் காலையில் ஆறு முறையும் இரவில் இரண்டு முறையும் பார்த்திருந்தால் மொத்தச் சராசரி காலைப் பக்கமே சாய்ந்துவிடும் என்பது.

செயலியின் தலைப்பில் ஏற்கெனவே ஒரு சராசரி அச்சாகியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதல் நாளையும் ஐந்தாம் தேதியின் இரட்டை வரியையும் அப்படியே வைத்துக்கொண்டு 14 வரிகளையும் கூட்டினால் 143/88 வருகிறது. வித்தியாசம் இரண்டு புள்ளி. எந்த வழியில் போனாலும் 135/85க்கு மேல்தான், முடிவு மாறவில்லை. சராசரி என்பது அவ்வளவு எளிதில் கவிழாது. ஆனால் எல்லைக்கு அருகே 134, 136 என்று நிற்கும் ஒருவருக்கு அதே இரண்டு புள்ளி முடிவையே மாற்றிவிடும். தவிர, தலைப்பில் உள்ள சராசரி எந்தக் காலத்துக்கானது என்று பார்க்க வேண்டும். ஏழு நாளா, முப்பது நாளா, செயலியை நிறுவியதிலிருந்தா என்பது சிறிய எழுத்தில் இருக்கும், படத்தை வெட்டும்போது முதலில் போவதும் அதுதான்.

நிறங்களையும் நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவில் 2017இல் வந்த வழிகாட்டுதல் எல்லையை 130/80 என்று இறக்கியது. அதைப் பின்பற்றும் செயலியில் 132/81 சிவப்பாகத் தெரியும், 135/85 என்ற எல்லையை வைத்திருக்கும் செயலியில் அதே எண் பச்சையாக இருக்கும்.

சராசரி இவ்வளவு உறுதியானது என்றால், போக்கு அதற்கு நேர்மாறு. பட்டியலை அடியிலிருந்து மேலாகப் படித்தால் காலை அளவுகள் 159இல் தொடங்கி 140இல் முடிகின்றன. 'ஒரே வாரத்தில் 19 புள்ளி குறைந்துவிட்டது' என்று சந்தோஷப்படத் தோன்றும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இதைச் சரிபார்க்கலாம். ஒரே வேளையின் இரண்டு வரிகளை ஒன்றாக்கியபின் மொத்தம் 13 வரிகள். A பத்தியில் நாள் எண் 1 முதல் 7 வரை, B பத்தியில் காலைக்கு M, இரவுக்கு E, C பத்தியில் மேல் அளவு, D பத்தியில் கீழ் அளவு. தலைப்பு முதல் வரியில். ஏழு காலைகளையும் பழையது முதலாக 2 முதல் 8 வரையுள்ள வரிகளில் வைத்துவிட்டு, இரவுகளை அதற்குக் கீழே வைக்கலாம்.

```
=AVERAGEIFS(C2:C14,B2:B14,"M",A2:A14,">1")
=AVERAGEIFS(C2:C14,B2:B14,"E",A2:A14,">1")
=SLOPE(C2:C8,A2:A8)
=SLOPE(C3:C8,A3:A8)
```

முதல் இரண்டு வரிகளும் முதல் நாள் நீங்கிய காலை, இரவுச் சராசரிகளைத் தரும். மூன்றாவது, ஏழு காலைகள் ஊடாக ஒரு நேர்கோட்டை வரைந்து அதன் சரிவைச் சொல்லும். விடை மைனஸ் 2. அதாவது நாளொன்றுக்கு இரண்டு புள்ளி இறக்கம். இது எவ்வளவு நம்பத் தகாதது என்று பார்க்க, அதே கோட்டை ஒரு மாதம் நீட்டினால் போதும். மாதக் கடைசியில் இவருடைய மேல் அளவு 90க்கும் கீழே போயிருக்க வேண்டும். நான்காவது சூத்திரம் முதல் நாளை விட்டுவிட்டுக் கணக்கிடுகிறது. இப்போது சரிவு மைனஸ் 0.6 மட்டுமே. அந்த 0.6க்கும் முன்பின் ஒரு புள்ளி அளவுக்குத் தடுமாற்றம் உண்டு, ஆகவே உண்மையான சரிவு பூஜ்யமாகவும் இருக்கலாம், ஏற்றமாகவும் இருக்கலாம். ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரிந்த அந்த இறக்கம் முழுக்க முழுக்க முதல் நாள் பதற்றம் தணிந்த கதை.

வரிசை பற்றி முன்னால் சொன்னது இங்கேதான் கடிக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கிறபடியே மேலிருந்து கீழாகத் தட்டச்சு செய்து, பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுவிட்டால், SLOPE தருவது பிளஸ் 2. இறங்கியது ஏறியதாகிவிடும். சூத்திரம் எந்தக் குறையும் சொல்லாது. ஆகவே சரிவைக் கணக்கிட்டதும், முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் வெறும் கண்ணால் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. காலையையும் இரவையும் கலந்து கோடு வரைவதும் இதேபோலத் தவறான விடை தரும். தொடக்கத்தில் காலையில் மட்டும் பார்த்தவர் பிற்பாதியில் இரவில் மட்டும் பார்த்தால், உடம்பில் எதுவும் மாறாமலே ஐந்து புள்ளி இறங்கிய மாதிரி கோடு காட்டும்.

அப்படியானால் போக்கைப் பார்ப்பது எப்படி? ஒரு வாரத்துக்குள் தேடாமல், ஒரு வாரத்தை இன்னொரு வாரத்தோடு ஒப்பிட வேண்டும். மேலே சொன்னவருக்கு மருத்துவர் பிரஷர் மாத்திரையின் அளவைக் கூட்டினார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் பலரும் எடுக்கும் அம்லோடிபின் போன்ற மாத்திரை ரத்தத்தில் ஒரு நிலைக்கு வரவே ஒரு வாரம் போல ஆகும். மறுநாளே பார்த்து 'மாத்திரை கேட்கவில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. நான்கு வாரம் கழித்து, ஜூலை முதல் வாரத்தில் அதே முறையில் எடுத்த இரண்டாம் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. முதல் நாள் நீங்கலாக ஆறு காலைகளின் மேல் அளவுகள் 138, 133, 136, 141, 133, 135. சராசரி சரியாக 136. ஆறு இரவுகளின் சராசரி 131. கீழ் அளவுகள் காலையில் 84, இரவில் 80.

காலையில் 143.3இலிருந்து 136க்கு வந்திருக்கிறது, இறக்கம் 7.3 புள்ளி. இது உண்மையான இறக்கமா, நாளுக்கு நாள் வரும் ஆட்டமா என்று தெரிய, அந்த ஆட்டத்தையும் அளக்க வேண்டும். ஜூலைக் காலைகளை F பத்தியில் அதே வரிசையில் வைத்துவிட்டு இந்தச் சூத்திரத்தைப் போடலாம்.

```
=SQRT(VAR(C3:C8)/6+VAR(F3:F8)/6)
```

இரண்டு வாரமும் அவரவர் சராசரியைச் சுற்றி எவ்வளவு ஆடுகின்றன என்பதை வைத்து, இரு சராசரிகளின் வித்தியாசத்தில் எவ்வளவு தடுமாற்றம் இருக்கும் என்று இது சொல்கிறது. விடை 2. அதன் இரு மடங்கு 4. இறக்கம் அதைத் தாண்டினால் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம் என்பது புள்ளியியலில் நெடுநாள் வழக்கம். இங்கே 7.3, தாராளமாகத் தாண்டிவிட்டது. இரவுக்கு இதே கணக்கைப் போட்டால் இறக்கம் 7, தடுமாற்றத்தின் இரு மடங்கு 6.6. நூலிழையில்தான் தாண்டுகிறது, ஏனென்றால் ஜூன் ஐந்தாம் தேதியின் அந்த 150 முதல் வாரத்து இரவுகளின் ஆட்டத்தைப் பெரிதாக்கிவிட்டது. ஆனால் காலையும் இரவும் தனித்தனியாக ஏழேழு புள்ளி ஒரே திசையில் நகர்ந்திருப்பது இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று துணை. அடுத்தடுத்த நாட்கள் ஒன்றையொன்று முழுக்கச் சாராதவை அல்ல என்பதால் உண்மைத் தடுமாற்றம் சூத்திரம் சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இரண்டு மூன்று புள்ளி மாற்றத்தை மாற்றமே இல்லை என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஜூலையின் மொத்தச் சராசரி 133.5/82. எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. காலை மட்டும் 136, இன்னும் ஒரு புள்ளி மேலே நிற்கிறது. மொத்தச் சராசரியை மட்டும் அனுப்பினால் இந்தச் செய்தி மறைந்துவிடும். காலையில் மட்டும் அழுத்தம் கூடி நிற்பது, முந்தைய நாள் எடுத்த மாத்திரையின் வேகம் விடிவதற்குள் தணிந்துவிடுகிறது என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று முடிவெடுப்பது மருத்துவரின் வேலை, அதற்கு அவருக்குக் காலை எண் தனியாகத் தேவை.

கணக்கு சரியாக இருந்தும் போக்கு பொய்யாவது உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாத விஷயங்கள். இடையில் மெஷினை மாற்றியிருக்கலாம், அங்கீகரிக்கப்பட்ட இரண்டு மெஷின்களுக்கு இடையிலும் ஐந்து புள்ளி வித்தியாசம் வரலாம். கைக்குச் சின்னதான பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். முதல் மாதம் இடது கையிலும் அடுத்த மாதம் வலது கையிலும் பார்த்தவருக்கு, இரண்டு கைகளுக்கும் இயல்பாக உள்ள வித்தியாசமே போக்காகத் தெரியும். கையை வைக்கும் உயரம் எல்லோரும் கவனிக்காத ஒன்று. பட்டை இதய மட்டத்துக்குக் கீழே போகும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் அளவு ஏழெட்டுப் புள்ளி கூடும். ஜூனில் கையைத் தொடைமேல் வைத்துப் பார்த்தவர், ஜூலையில் சாப்பாட்டு மேசைமேல் வைத்துப் பார்த்தால், மாத்திரையின் வேலை முழுவதையும் மேசையே செய்துவிட்டிருக்கலாம். குளிர் மாதங்களில் அழுத்தம் சற்று ஏறும் என்பதால் ஆண்டு நடுவில் எடுத்ததையும் மார்கழியில் எடுத்ததையும் ஒப்பிடும்போது அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு வாரத்தையும் ஒப்பிடும் முன்பு மெஷின், கை, உட்கார்ந்த இடம், மாத்திரை நேரம் இந்த நான்கும் மாறவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

பட்டியலுக்குப் பதிலாக வரைபடமே ஸ்கிரீன்ஷாட்டாக வந்தால் அதிலிருந்து சராசரி எடுக்க முயல்வது வீண். புள்ளியின் உயரத்தை அளந்து எண்ணாக்கினால் மூன்று நான்கு புள்ளி பிசகும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு அளவா, ஒரு நாளின் சராசரியா, ஒரு வாரத்தின் சராசரியா என்பதும் படத்தில் தெரியாது. இடப்பக்க அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்காமல் 130இல் தொடங்கி 150இல் முடிந்தால், மூன்று புள்ளி ஆட்டம்கூட மலைச் சரிவு மாதிரி தோன்றும். அந்த மாதிரிப் படம் வந்தால், பட்டியல் பக்கத்தைத் திறந்து அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதே வழி. பல செயலிகளில் CSV கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியும் இருக்கிறது, அது கிடைத்தால் தட்டச்சு வேலையே இல்லை.

சில பட்டியல்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. வரியின் ஓரத்தில் சீரற்ற இதயத்துடிப்பைக் குறிக்கும் அடையாளம் அடிக்கடி தென்பட்டால், சராசரி எடுப்பதற்கு முன் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டு மெஷின் பட்டைக்குள் வரும் அதிர்வுகளின் அளவை வைத்துத்தான் மேல், கீழ் எண்களைக் கணக்கிடுகிறது. துடிப்புக்குத் துடிப்பு அதிர்வு மாறினால் அந்தக் கணக்கே தடுமாறும். 180/120ஐத் தொட்ட அளவு ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தபின்னும் இறங்காமல், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி எதுவாவது இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவுத் தூக்கத்தின்போது அழுத்தம் எப்படி இருக்கிறது என்பதும் இந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு உடம்பில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தானாகவே அளவெடுக்கும் 24 மணி நேர மெஷின் வேண்டும், காலை எண் மட்டும் பிடிவாதமாக இறங்காதவர்களுக்கு மருத்துவர் அதை எழுதிக் கொடுப்பதும் உண்டு.